ஒரே முகவரியில் 64 பேர்: மொபைல் டேட்டாவும் ஐபிவி6-உம்

மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மட்டும் சில தளங்கள் "நான் ரோபோ அல்ல" என்று டிக் அடிக்கச் சொல்கின்றன. வைஃபைக்கு மாறினால் தொல்லை இல்லை. போனில் கோளாறா?

போனில் கோளாறு இல்லை. அந்தத் தளத்தின் கண்ணுக்கு நீங்கள் தனி ஆளாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. அதனால் மொபைல் நிறுவனம் போனுக்கு ஓர் உள் முகவரியைக் கொடுத்துவிட்டு, வெளியே போகும்போது ஒரே பொது முகவரியைப் பலருக்கும் மாட்டி அனுப்புகிறது. திரும்பி வரும் தரவு யாருடையது என்று பிரிக்க உதவுவது போர்ட் எண்.

ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முதல் 1,024-ஐத் தள்ளிவிட்டால் மீதி 64,512. ஆளுக்கு 1,008 என்று பங்கு வைத்தால் சரியாக 64 பேர் அந்த ஒரு முகவரியில் குடியிருப்பார்கள் (பங்கின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). அந்த 64 பேரில் ஒருவர் தானியங்கி நிரலை ஓடவிட்டுத் தளத்தைக் குடைந்தால், சந்தேகம் மற்ற 63 பேர் மீதும் விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணைப்பு முடிந்ததும் போர்ட் உடனே காலியாகாது. சிறிது நேரம் கழித்தே அடுத்த இணைப்புக்குக் கிடைக்கும். ஹாட்ஸ்பாட்டில் நாலைந்து கருவிகளைச் சேர்த்து, டோரண்டும் ஓடினால் 1,008 தீர்ந்துவிடலாம். அப்போது ஏற்கெனவே ஓடும் வீடியோ நிற்காது. புதிதாகத் திறக்கும் பக்கம் மட்டும் பாதிப் படங்களோடு தொங்கும். சிக்னல் மோசமானால் எல்லாமே சேர்ந்து தடுமாறும். இந்த வித்தியாசத்தை வைத்துக் காரணத்தை ஊகிக்கலாம்.

புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் இந்தப் பங்கீடே தேவையில்லை. மொபைல் வலையமைப்பு ஒவ்வொரு இணைப்புக்கும் `/64` என்ற தனித் தொகுதியையே தருகிறது. 128 பிட் முகவரியில் முதல் 64 பிட் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. மீதி 64 பிட்டை போனும் ஹாட்ஸ்பாட்டில் சேரும் கருவிகளும் பயன்படுத்திக்கொள்ளும். அடுத்தவர் செய்த வினை உங்கள் தலையில் விடியாது.

என் போனுக்கு எது கிடைத்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

வைஃபையை அணைத்துவிட்டு, அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். `100.64` முதல் `100.127` வரை தொடங்கினால் அது பகிர்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட உள் முகவரி. `10.` என்று தொடங்கினாலும் அதே கதைதான். `2` என்று தொடங்கி, இடையிடையே `:` வரும் நீளமான முகவரி இருந்தால் ஐபிவி6 கிடைத்திருக்கிறது.

அது இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் சிம் அமைப்பின் கீழுள்ள APN பக்கத்தைத் திறந்து, APN protocol என்ற இடத்தில் `IPv4` மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதை `IPv4/IPv6` என்று மாற்றி, விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுங்கள். ரோமிங்குக்குத் தனி வரி இருக்கும். அதை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

நான் போகும் தளத்தில் ஐபிவி4 மட்டும்தான் இருக்கிறது. அப்போது பயன் உண்டா?

அந்தத் தளத்தைப் பொறுத்தவரை பயன் இல்லை. ஐபிவி6 மட்டுமே தரும் வலையமைப்பில், தளத்தின் பழைய முகவரியைப் புதிய உருவில் பொதிந்து அனுப்புவார்கள். `198.51.100.7` என்பது இப்படி மாறும்:

```
64:ff9b::c633:6407
```

கடைசி எட்டு எழுத்துகளும் பழைய நான்கு எண்களின் பதினாறடிமான வடிவம்தான் (198 = `c6`, 51 = `33`, 100 = `64`, 7 = `07`). நிறுவனத்தின் வாயிலில் இது மறுபடி ஐபிவி4 ஆகும்போது பொது முகவரியும் போர்ட்டும் பகிரப்படவே செய்யும். ஆனால் பெரிய வீடியோ, தேடல், சமூக வலைத்தளங்களின் போக்குவரத்து ஐபிவி6-இல் நேராகப் போய்விடுவதால், வாயிலில் போர்ட்டுக்கு நிற்கும் கூட்டம் குறைகிறது. பகிர்வு ஒழியவில்லை, நெரிசல்தான் தணிகிறது.

முகவரியை எண்ணாகவே எழுதிவைத்த பழைய செயலிகளுக்காக, போனுக்குள்ளேயே ஒரு மொழிமாற்றி ஓடும். ஆண்ட்ராய்டில் `192.0.0.4` தென்பட்டால் அதன் வேலை என்று கொள்ளலாம்.

சிம் ரவுட்டரில் உள்ள கேமராவை இனி வெளியிலிருந்து நேராகத் திறக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். முகவரி தனியானது என்பதால் கதவு திறந்திருக்கிறது என்று ஆகாது. வெளியிலிருந்து தொடங்கும் இணைப்புகளைப் பல நிறுவனங்கள் ஃபயர்வாலில் தடுக்கின்றன. தடுக்காவிட்டாலும், ரவுட்டர் மீண்டும் இணையும்போது `/64` தொகுதி மாறிவிடலாம். கேமராவே வெளியே உள்ள சர்வரைத் தொடர்புகொள்ளும் முறைதான் நிலைக்கும்.

சின்ன சர்வர் நடத்துகிறேன். தொல்லை தரும் ஐபிவி6 முகவரியைத் தடுத்தாலும் மறுநிமிடம் வேறொன்றில் வருகிறாரே?

ஒற்றை முகவரியைத் தடுக்காதீர்கள், `/64` முழுவதையும் தடுங்கள். போன் தன் முகவரியின் பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும்.