அட்டவணையா, பட்டியலா, பத்தியா?

கேள்வி: வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதுவது என் வேலை. எந்த வடிவத்தில் பதில் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் புள்ளி வைத்துப் பட்டியலாகவே அனுப்புகிறேன். பாதிப் பேர், "சரி, அப்போ நான் என்ன செய்யணும்?" என்று மறுபடி கேட்கிறார்கள். வடிவத்தை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: அவர் கேட்ட கேள்வியின் வினைச்சொல்லை வைத்து. கையில் இருக்கும் தகவலைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யப் போனால் தவறிவிடும். ஒரே தகவல் மூன்று வடிவத்துக்கும் இடம் கொடுக்கும்.

ஆறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்திலிருந்து மடல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் 200 ஜிபி கோப்புகள் இருக்கின்றன. பேக்கப் எடுக்க வெளி ஹார்டு டிஸ்க், அலுவலகத்துக்குள்ளேயே வைத்து எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் நாஸ் சேமிப்புப் பெட்டி, கிளவுட் என்று மூன்று வழிகள். "எதை எடுக்கலாம், ஏன்?" என்று ஒருவர் கேட்கலாம். "மூன்றையும் ஒப்பிட்டுக் கொடுங்கள், மேலாளரிடம் காட்ட வேண்டும்" என்று இன்னொருவர் கேட்கலாம். "வாங்கியாச்சு, எப்படி ஆன் பண்றது?" என்பது மூன்றாவது. விஷயம் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் முடிவெடுக்கப் போகிறார், அடுத்தவர் வேறொருவருக்குக் காட்டப் போகிறார், மூன்றாமவர் ஒரு கையில் போனும் மறு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருக்கிறார்.

முதல் கேள்விக்கு உங்கள் வழக்கப்படி பட்டியல் போட்டால் இப்படி வரும்:

- கிளவுட் பாதுகாப்பானது
- முதல் பேக்கப்புக்கு நேரம் ஆகும்
- அப்லோடு வேகம் முக்கியம்

மூன்றும் உண்மை. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பது இதில் இல்லை. நேரம் ஆகும் என்பதால் கிளவுட் வேண்டாமா, ஆனாலும் பரவாயில்லையா? அந்த முடிவைப் படிப்பவர் தலையில் கட்டிவிட்டோம். தமிழில் இந்தச் சேதம் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். நிபந்தனையையும் காரணத்தையும் நாம் பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் வைக்கிறோம்: இருந்தால், இருந்தாலும், என்பதால். புள்ளி வைத்துச் சுருக்கும்போது முதலில் நறுக்கப்படுவது அந்த வால்தான்.

அதையே பத்தியாக எழுதிப் பாருங்கள்: "கிளவுடை எடுங்கள். அலுவலகத்தில் தீ விபத்தோ திருட்டோ நடந்தாலும் கோப்புகள் வெளியே பத்திரமாக இருக்கும். உங்கள் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்பதால் 200 ஜிபியும் ஏற சுமார் 45 மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை 6 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு பிற்பகலில் முடிந்துவிடும். அதன்பின் மாறிய கோப்புகள் மட்டுமே ஏறும் என்பதால் வேலை நேரத்தில் தொந்தரவு இருக்காது." இதைப் படித்தவர், நான் என்ன செய்யணும் என்று திரும்பக் கேட்கமாட்டார். உங்களுக்கு வரும் மறுகேள்விகளில் பெரும்பகுதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சந்தேகமாக இருந்தால் எழுதிய பட்டியலில் ஏதாவது இரண்டு வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அது பட்டியல்தான், புள்ளி போதும். செய்யும் வரிசை கெட்டால் எண் போட வேண்டும். பொருளே கெட்டால் அது பட்டியல் வேடம் போட்ட பத்தி.

இரண்டாவது கேள்விக்கு அட்டவணை. அதற்கு ஒரே அளவுகோல்: ஒவ்வொரு பொருளிடமும் அதே கேள்விகளைக் கேட்க முடிகிறதா, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் பதில் வருகிறதா?

| வழி | இணையம் தேவையா? | தீ, திருட்டில் தப்புமா? |
|---|---|---|
| வெளி டிஸ்க் | வேண்டாம் | வேறு இடத்தில் வைத்தால் |
| நாஸ் | வேண்டாம் | தப்பாது |
| கிளவுட் | வேண்டும் | தப்பும் |

முதல் வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். நிபந்தனை உள்ளே நுழைய ஆரம்பித்துவிட்டது. அதோடு, டிஸ்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்ற எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அதைக் கட்டத்துக்குள் திணித்தால் அந்த ஒரு வரிசை மட்டும் வீங்கும், மற்றவை காலியாகத் தெரியும். இப்படிப்பட்டதை அட்டவணைக்குக் கீழே தனி வாக்கியமாக எழுதிவிடுங்கள். ஒரு நெடுவரிசை முழுக்க ஒரே பதில் வந்தாலும் அப்படித்தான்: நெடுவரிசையை நீக்கிவிட்டு, "மூன்றிலும் கடவுச்சொல் வைக்கலாம்" என்று ஒரு வரி போதும்.

அட்டவணைக்கு இன்னொரு ஆபத்து, போய்ச் சேரும் இடம். வெறும் எழுத்தாக மட்டும் மடலைக் காட்டும் செயலியில் கோடுகள் மறைந்து, எந்தப் பதில் எந்தப் பொருளுக்கு என்றே தெரியாமல் கட்டங்கள் சிதறலாம். ஸ்பேஸ் தட்டி நேராக்கிய அட்டவணை உங்கள் திரையில் மட்டும்தான் நேராக இருக்கும். போன் திரையில் நெடுவரிசை மூன்றைத் தாண்டினால் நம் நீளமான சொற்கள் நடுவில் உடையும். வாட்ஸ்அப்புக்கு நகலெடுப்பார் என்று தோன்றினால் அட்டவணையே வேண்டாம். பொருளுக்கு ஒரு சிறு பத்தி எழுதுங்கள். அனுப்புமுன் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, போனில் திறந்து பார்த்தால் இவையெல்லாம் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு எண் போட்ட பட்டியல். புள்ளி கூடாது, ஏனென்றால் சிக்கினால் அவர் "4-ல நிக்குது" என்று சொல்ல முடிய வேண்டும். ஒரு எண்ணுக்கு ஒரு செயல், அதைச் செய்ததும் திரையில் என்ன தெரியும் என்பது அதே வரியில். "இதைச் செய்யுமுன்" என்று தொடங்கும் எச்சரிக்கை அந்த எண்ணுக்கு மேலே வர வேண்டும். கீழே எழுதினால் அழிக்கக் கூடாததை அழித்த பிறகுதான் படிப்பார்.

மடலில் அவரே 1, 2, 3 என்று எண் போட்டுக் கேட்டிருந்தால் இந்த யோசனையே வேண்டாம். அதே எண்களில் பதில் சொல்லுங்கள், ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் பத்தியாக. ஒரே மடலில் "எது நல்லது, எப்படி ஆன் பண்றது?" என்று இரண்டும் கலந்திருந்தால் முதலில் முடிவைச் சொல்லும் பத்தி, அதன் கீழே எண் பட்டியல். பதிலே இரண்டு மூன்று வாக்கியம்தான் என்றால் எந்த வடிவமும் தேவையில்லை, எழுதி அனுப்பிவிடுங்கள்.