தொலைந்த டிடி, தேதி கடந்த டிடி: பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்திடம் மாவு அரைக்கும் இயந்திரம் வாங்க என் கணக்கிலிருந்து 48,000 ரூபாய்க்கு டிடி எடுத்து கூரியரில் அனுப்பினேன். இரண்டு வாரம் ஆகிறது, போய்ச் சேரவில்லை. கவர் தொலைந்துவிட்டது என்று கூரியர்காரர்கள் கைவிரிக்கிறார்கள். வங்கியிலோ "டிடிக்கெல்லாம் ஸ்டாப் பேமென்ட் கிடையாது" என்கிறார்கள். பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை. யார் கையில் கிடைத்தாலும் அந்த டிடியை எளிதில் பணமாக்க முடியாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டிடிகளை 'அக்கவுண்ட் பேயி' கிராஸிங்கோடுதான் வங்கி தர வேண்டும். அதனால் அதில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே அது வரவாகும். கவுன்ட்டரில் நீட்டி ரொக்கம் வாங்க வழியில்லை. அதே பெயரில் போலிக் கணக்கு தொடங்கிப் போட்டுக்கொள்ளும் ஆபத்து மட்டும்தான் மிச்சம். அது அரிது என்றாலும், அதற்காகத்தான் இன்றே கிளைக்குப் போகச் சொல்கிறோம்.

கிளையில் சொன்னது பாதி சரி. செக் என்றால் பணம் உங்கள் கணக்கில் இருக்கிறது, நிறுத்தச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. டிடி எடுத்த நிமிடமே பணம் உங்கள் கணக்கைவிட்டு வங்கியின் கணக்குக்குப் போய்விட்டது. கொடுப்பதாக உறுதி சொல்லியிருப்பது வங்கி. எனவே டிடி, இயந்திரத்தை விற்பவர் கைக்குப் போன பிறகு, "இயந்திரம் சரியில்லை, பணம் கொடுக்காதீர்கள்" என்று நீங்கள் சொன்னால் வங்கி கேட்காது, கேட்கவும் கூடாது. ஆனால் டிடி தொலைந்துவிட்டது என்று தெரிவிப்பது வேறு விஷயம். அந்தக் கடிதத்தை வாங்கி, அந்த எண்ணுள்ள டிடி வந்தால் விசாரிக்காமல் பணம் தராதபடி கம்ப்யூட்டரில் குறித்துவைக்க வேண்டியது கிளையின் வேலை. ஆகவே கடிதத்தில் 'ஸ்டாப் பேமென்ட்' என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். "பெறுநருக்குப் போய்ச் சேரும் முன்பே தொலைந்துவிட்டது, எச்சரிக்கைக் குறிப்பு இட்டு, பணம் வழங்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்லவும்" என்று எழுதுங்கள். பேச்சின் போக்கே மாறும்.

டிடி எண், தேதி, தொகை, பெறுநரின் பெயர் டிடியில் அச்சிட்டிருந்த அதே எழுத்தில், எந்த ஊரில் செல்லத்தக்கது: இவை ஐந்தும் கடிதத்தில் இருக்கட்டும். டிடி எடுத்தபோது தந்த கவுன்ட்டர்ஃபாயிலில் இவை இருக்கும். அது இல்லாவிட்டால் பாஸ்புக்கில் அந்தத் தேதியில் பற்று வைத்த வரியைக் காட்டுங்கள், அதை வைத்து கிளையே மற்றதை எடுத்துவிடும். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நாள் கணக்கு பார்க்க வேண்டி வரும்போது அந்தப் பிரதி ஒன்றுதான் உங்களிடம் இருக்கும் ஆதாரம்.

அடுத்து, டிடி 'அவுட்ஸ்டாண்டிங்' ஆக இருக்கிறதா, 'பெய்டு' ஆகிவிட்டதா என்று திரையில் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். முன்பெல்லாம் பணம் தர வேண்டிய கிளைக்கு எழுதி, "இன்னும் தரவில்லை" என்ற பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். 5,000 ரூபாய் வரையிலான டிடிக்கு அந்தப் பதிலுக்குக் காத்திராமலே டூப்ளிகேட் தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்தது அதனால்தான். இப்போது கோர் பேங்கிங்கில் எல்லாக் கிளைக் கணக்கும் ஒரே திரையில் தெரிவதால் இந்தச் சரிபார்ப்புக்கு நாள் கணக்கில் இழுக்கத் தேவையில்லை. ஒருவேளை 'பெய்டு' என்று வந்தால், எந்தத் தேதியில், எந்த வங்கி வழியாக வசூலானது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல சமயம் கவர் போய்ச் சேர்ந்து, விற்பவரின் கணக்குப் பிரிவு வங்கியில் போட்டிருக்கும், விற்பனைப் பிரிவுக்குத்தான் தெரியாமல் இருக்கும்.

பணம் வழங்கப்படவில்லை என்று உறுதியானால் மூன்று தாள்கள் தேவைப்படும். கூரியரிடமிருந்து கவர் தொலைந்ததற்கு ஒரு கடிதம். நிறுவனத்திடமிருந்து, "இந்த எண்ணுள்ள டிடி எங்களுக்கு வரவில்லை, பின்னால் வந்தால் வங்கியில் போடாமல் திருப்பித் தருகிறோம்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். மூன்றாவது, முத்திரைத்தாளில் நீங்கள் எழுதித்தரும் இன்டெம்னிட்டி பாண்ட்.

இந்த பாண்டில்தான் பலரும் சிக்குகிறார்கள். அதன் சாரம் இதுதான்: டூப்ளிகேட் தந்த பிறகு ஒரிஜினலுக்கும் வங்கி பணம் தர நேர்ந்தால், அந்த நஷ்டத்தையும் வட்டியையும் செலவையும் நீங்கள் ஈடுகட்டுவீர்கள். ஒரே கடனுக்கு வங்கி இரண்டு காகிதம் தருவதால் வரும் ஆபத்துக்கு இது காப்பு. வாசகம் ஒவ்வொரு வங்கிக்கும் தனியாக இருக்கும் என்பதால் வெளியில் டைப் அடிக்கும் முன் கிளையிலேயே மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். முத்திரைத்தாளின் மதிப்பையும், ஜாமீன் கையெழுத்து வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் உங்கள் பெயரில் வாங்கியதாக இருக்க வேண்டும். கையெழுத்து வங்கிப் பதிவில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். டிடி எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அதோடு ஒரு முத்திரைத்தாளும் வீண்.

இனி காலக்கெடு. எடுத்தவரோ பெறுநரோ கேட்டால், விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து இரண்டு வாரத்துக்குள் டூப்ளிகேட் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தாமதமானால், அந்தக் கால அளவுக்கு உரிய ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியைத் தர வேண்டும். டிடியை வேறொருவருக்கு எழுதி மாற்றிக்கொடுத்திருந்தால் மட்டும் இந்தக் கெடு பொருந்தாது. உங்கள் கணக்கைப் பார்ப்போம். கெடு முடிந்து மேலும் 20 நாள் இழுத்தார்கள், வட்டி 6 சதவீதம் என்று வைத்தால் 48,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 158 ரூபாய் வரும். தொகை சிறிதுதான். ஆனாலும் கடிதத்தில் இந்த வட்டியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தாமதத்துக்கு வங்கி கணக்கில் எழுதிக் காரணம் காட்ட வேண்டி வரும் என்பதால், கோப்பு மேசையில் தூங்காது. எழுத்தில் புகார் தந்து 30 நாளாகியும் தீரவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்.

எங்கள் யோசனை ஒன்று உண்டு. விற்பவர் வங்கிப் பரிமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டால் டூப்ளிகேட் வாங்கவே வேண்டாம். அதே கடிதங்கள், அதே பாண்டோடு டிடியை ரத்துசெய்து பணத்தை உங்கள் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள், பிறகு நெஃப்ட்டில் அனுப்புங்கள். டூப்ளிகேட்டை மறுபடி கூரியரில் அனுப்பி மறுபடி காத்திருக்க வேண்டியதில்லை. டெண்டர், கல்லூரி விண்ணப்பம் போல டிடிதான் வேண்டும் என்று கேட்கும் இடங்களில் மட்டும் டூப்ளிகேட் பக்கம் போங்கள்.

நாளைக்கே அந்தக் கவர் கிடைத்தாலும் ஒரிஜினலை நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள். எச்சரிக்கைக் குறிப்பு இருப்பதால் அது வசூலாகாமல் திரும்பும், அல்லது இரண்டு முறை பணம் போய் பாண்டின்படி நீங்கள் பொறுப்பாவீர்கள். கிளையில் ஒப்படைத்து, பாண்டை ரத்துசெய்து தரும்படி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பழைய பாக்கிக்காக ஒருவர் என் பெயருக்கு 15,000 ரூபாய் டிடி அனுப்பியிருந்தார். தேதி பிப்ரவரி 10. ஊரில் இல்லாததால் மே 20-ம் தேதிதான் வங்கிக்குக் கொண்டுபோனேன், தேதி முடிந்துவிட்டது என்று வாங்க மறுத்துவிட்டார்கள். டிடியில் போட்டிருக்கும் வங்கிக்கு நானே போய்ப் புதுப்பித்துக்கொள்ள முடியாதா?

பதில்: பொதுவாக முடியாது. புதுப்பிக்கக் கேட்க வேண்டியவர் டிடி எடுத்தவர், கேட்க வேண்டிய இடம் அதை வழங்கிய கிளை. நீங்கள் டிடியை அவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

2012 ஏப்ரல் 1 முதல் செக், டிடி, பே ஆர்டர் எல்லாவற்றுக்கும் ஆயுள் மூன்று மாதம்தான். அதற்கு முன்பு இருந்த ஆறு மாதப் பழக்கத்தில் இன்றும் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் டிடிக்கு மே 9-ஐக் கடைசி நாளாகக் கொள்ளுங்கள். உங்கள் வங்கியில் போட்ட நாள் கணக்கில் வராது. கிளியரிங் வழியாக வழங்கிய வங்கிக்குப் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு. கடைசி இரண்டு மூன்று நாளில் போட்டால், இடையில் விடுமுறை வந்து திரும்பிவிடக்கூடும்.

அனுப்பும் முன் இரு பக்கமும் நகல் எடுத்துவையுங்கள். டிடியில் பின் குத்தாதீர்கள், துளை போடாதீர்கள், எதுவும் எழுதாதீர்கள். "இதைப் பணமாக்கவில்லை, ரீவேலிடேஷனுக்காகத் திருப்பி அனுப்புகிறேன்" என்று கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவர் அந்த ஒரிஜினலோடு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும், இன்டெம்னிட்டி பாண்ட் தேவைப்படாது. காகிதம் கைக்கே வந்துவிட்டதால் இரண்டு முறை பணம் போகும் பயம் வங்கிக்கு இல்லை. தொலைந்த டிடிக்கும் காலாவதியான டிடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

கிளை இரண்டில் ஒன்றைச் செய்யும். அதே டிடியில் புதுத் தேதியிட்டு அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் வைக்கலாம். கிளியரிங்கில் செக், டிடி மீது திருத்தமே கூடாது என்றாலும், செல்லத்தக்க காலத்துக்காகத் தேதியை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அல்லது பழையதை ரத்துசெய்து புது எண்ணில் வேறு டிடி தரலாம். புது டிடியையே கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். தேதி திருத்திய டிடியைப் பார்த்ததும் சில கிளைகளில் தயங்குவார்கள், கிளியரிங்கில் போட்டோவாகப் போகும்போது முத்திரை மங்கித் தெரியவும் வாய்ப்பு உண்டு. இதற்கெல்லாம் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். தாமதம் உங்களுடையது என்பதால் அதை நீங்கள் தந்துவிடுவதே முறை.

அவருக்கும் டிடி வேண்டாம் என்றால், ரத்துசெய்து பணத்தைத் தன் கணக்கில் போட்டுக்கொண்டு உங்களுக்கு அனுப்பலாம். ஆனால் டிடியைத் திருப்பிக் கொடுத்த பிறகு பணம் அவர் கைக்குப் போய்விடும். பழைய பாக்கி என்கிறீர்கள், அதனால் டிடி கிடைத்ததற்கு அவரிடம் வாட்ஸ்அப்பிலாவது ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

இந்தச் சில நாள் மட்டுமல்ல, சில வருடம் கடந்திருந்தாலும் பணம் காணாமல் போயிருக்காது. பத்து வருடம் வரை யாரும் கேட்காத டிடித் தொகையை ரிசர்வ் வங்கியின் டெபாசிட்டர் நிதிக்கு வங்கி மாற்றிவிடும். அதற்குப் பிறகும் ஒரிஜினலோடு அதே வங்கியைத்தான் அணுக வேண்டும். வங்கி பணத்தைத் தந்துவிட்டு நிதியிலிருந்து ஈடுபெற்றுக்கொள்ளும்.