பெயர்ச் சண்டைக் கதையில் சமரசம் எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: அக்காவும் தம்பியும் சேர்ந்து உணவகம் தொடங்குகிறார்கள். என்ன பெயர் வைப்பது என்று சண்டை, கடைசியில் சமரசம். இதைச் சிறுகதையாக எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் முடிவு ஒட்டவில்லை என்கிறார்கள். எப்படிச் சரி செய்வது?

பதில்:

முடிவு ஒட்டவில்லை என்றால் முதல் இரண்டு பக்கங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சமரசத்துக்கு வேண்டிய பொருள் அங்கேயே, யாரும் கவனிக்காத மாதிரி கிடக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒருவர் திடீரென்று மனம் மாறினாலோ, பெரியவர் ஒருவர் வந்து புத்தி சொன்னாலோ, அது கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதாகத்தான் தெரியும். ஒரே ஒரு கதையை எடுத்து முழுவதுமாகக் கட்டிப் பார்க்கலாம்.

அக்கா சமையல். தம்பி இடம் பிடிப்பது, போன், கணக்கு. அக்காவுக்கு அம்மாவின் பெயர் வேண்டும்: மரகதம். அம்மா எழுதி வைத்துவிட்டுப் போன சமையல் நோட்டைப் பார்த்துத்தான் அவள் சமைக்கப் போகிறாள். தம்பி கேட்பது ‘நிழல்’. அவன் பிடித்திருக்கும் வாடகைக் கட்டடத்தின் முன்னால் பெரிய மரம் இருக்கிறது. வெயிலில் போகிறவர்கள் அங்கே தானாக நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்திருக்கிறான். ஆளுக்கொரு பெயர் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதினால் சண்டைக்கு உயிர் வராது. அவரவர் பார்க்கும் வேலையிலிருந்து பெயர் கிளம்ப வேண்டும். அப்போது ஒருவர் பெயரை மற்றவர் தள்ளும்போது, அவருடைய வேலையையே தள்ளியது போல வலிக்கும்.

அடுத்து, இரண்டு பெயருக்கும் உண்மையான குறை வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒருவர் முட்டாளாகவும் மற்றவர் புத்திசாலியாகவும் அமைந்துவிட்டால் பிறகு வருவது சமரசம் ஆகாது, ஒரு பக்கம் தோற்பது ஆகிவிடும். கடைப் பெயர்கள் நடைமுறையில் எப்படி மாட்டிக்கொள்ளும் என்று யோசித்தால் குறைகள் தானே கிடைக்கும். பெயரைப் போனில் சொல்லிப் பார்க்க வேண்டும், தட்டச்சு செய்து தேடிப் பார்க்க வேண்டும், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் காட்சிகளாக மாற்றுங்கள்.

தம்பி சமையலறைச் சாமான் விற்பவரிடம் போனில் பேசுகிறான். கடை பேர் மரகதம் என்கிறான். எதிர்முனையில், “நகைக்கடைக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய அடுப்பு?” போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைப் பார்க்கிறான். இந்த ஒரு வரியே போதும், அவன் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா சும்மா இருப்பாளா? தெரிந்த மூன்று பேரிடம் நிழல் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொல்கிறாள். ஒருவர் nizhal, ஒருவர் nilal, இன்னொருவர் nizal. “இதுல எதைடா போர்டுல போடுவ? மத்த ரெண்டு பேரும் தேடினா யார் கடைக்குப் போவாங்க?” அதோடு விடவும் கூடாது. “மரம் வீட்டுக்காரரோடது. காலி பண்ணச் சொன்னா மரத்தையும் தூக்கிட்டு வருவியா?” இதற்கு அவனிடம் பதில் இருக்கக் கூடாது. வாசகர் இருவர் பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தால் சண்டை சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு, எளிதான சமரசங்களைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து தோற்கடியுங்கள். வாசகருக்கு முதலில் தோன்றுவது இரண்டையும் சேர்ப்பதுதான்: ‘மரகத நிழல்’. அதை ஒரு சொந்தக்காரர் சொல்லட்டும். கவிதைத் தொகுப்பு மாதிரி இருக்கிறது என்று இருவருமே ஒரே குரலில் மறுக்கட்டும். சண்டைக்கு நடுவே இருவரும் ஒத்துப்போகும் முதல் இடம் அது. அடுத்து தம்பி ஒரு வழி சொல்கிறான். பதிவு செய்கிற நிறுவனத்தின் பெயரும் பலகையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆகவே நிறுவனம் மரகதம், பலகையில் நிழல், பில்லில் அம்மா பேர் வரும். சட்டப்படி சரியான யோசனைதான். அக்காவின் பதில்: “காசு கேக்கற சீட்டுல மட்டும் அம்மா பேரா?” இங்கே கதை முட்டி நிற்கும். நிற்க வேண்டும்.

இப்போது முதல் பக்கத்துக்குப் போங்கள். அக்கா நோட்டைப் பார்த்துச் சமைத்துப் பழகும் காட்சி ஒன்றை அங்கே வையுங்கள். அதில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரியை அவள் படிக்கட்டும்: “நிழலில் காய வைக்கவும்.” மசாலாச் சாமானுக்கோ கீரைக்கோ எழுதிய குறிப்பு, அவ்வளவுதான். மணமும் நிறமும் போகாமல் இருக்க வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துவது எல்லாச் சமையலறையிலும் தெரிந்த விஷயம் என்பதால் வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அந்த வரிக்கு அடிக்கோடு போடாதீர்கள். நடுவில் இன்னொரு தடவை, வேறு ஒரு குறிப்பில் வரட்டும். மூன்றாவது தடவை, முட்டி நின்ற இடத்துக்குப் பிறகு, நோட்டைத் திறப்பது தம்பியாக இருக்க வேண்டும். அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருப்பதை அவன்தான் முதலில் பார்க்கிறான். ஆனால் அம்மாவின் கையெழுத்தில் இருக்கும் ‘நிழல்’ என்பதையே பலகைக்கு எடுக்கலாம் என்று சொல்வது அக்காவாக இருக்கட்டும். தீர்வில் பாதியை ஒருவர் கண்டுபிடித்து மீதியை மற்றவர் முடித்தால்தான் அது இருவருடையது.

இது மட்டும் போதாது. ஆளுக்கு ஒன்றை இழக்க வேண்டும். அக்கா பெயரை விடுகிறாள், பலகையில் மரகதம் இல்லை. தம்பி ஏற்கெனவே பணம் கொடுத்து வரைந்து வாங்கிய மரச் சின்னத்தை விடுகிறான். ஆங்கில எழுத்துப் பிரச்சினை மாயமாகிவிடக் கூடாது: ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுவது, மற்ற இரண்டையும் தேடலில் கிடைக்கும்படி பதிந்து வைப்பது என்று ஒரு வரியில் முடியுங்கள்.

பலகை செய்பவர் வரும் காட்சியில் கொஞ்சம் நின்று எழுதலாம், அங்கே விவரம் நிறைய இருக்கிறது. பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் வீதம் எழுத்து இருந்தால் வசதியாகப் படிக்கலாம் என்பது. எதிர்ப்பக்கம் 60 அடி என்றால் 6 அங்குலம். அதே அகலத்தில் ஐந்தெழுத்து மரகதத்தைவிட மூன்றெழுத்து நிழலைப் பெரிதாக எழுதலாம். ஆனால் நி-யின் மேல் வளைவும் ழ-வின் கீழ்க்காலும் உயரத்தைத் தின்றுவிடும், அதனால் நடு உடம்பை வைத்து அளக்க வேண்டும். நோட்டில் பேனாவால் எழுதியதை அப்படியே பெரிதாக்கினால் கோடு மெலிந்து தூரத்தில் காணாமல் போகும். “தடிமனாக்கணும், இல்லைன்னா தெரியாது” என்கிறார் அவர். தடிமனாக்கினால் அம்மா கையெழுத்து மாதிரி இருக்காதே என்று அக்கா தயங்குகிறாள். எவ்வளவு தடிமன் என்பதில் மறுபடி இருவருக்கும் வாக்குவாதம் கிளம்பட்டும். பெயர்ச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும், ஏனென்றால் இப்போது ஒரே பெயருக்காக இருவரும் சண்டை போடுகிறார்கள்.

கதையை அங்கேயே, அளவு சொல்லி முடிக்கும் வரியில் நிறுத்துங்கள். திறப்பு விழாவும் முதல் நாள் கூட்டமும் உங்கள் பிரதியில் இருந்தால் வெட்டிவிடுங்கள்.