கொக்கியை விட்டுவிட்டு, மூட்டைப் பாருங்கள்: ஸ்மார்ட்வாட்ச் ஸ்ட்ராப் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டில் ஒரு பழைய ஃபிட்னஸ் பேண்ட் கிடந்தது. பெயர் எங்கேயும் இல்லை. கொக்கியில் ஒரு உலோகக் குமிழ், அதைத் துளையில் அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது. இதை வைத்து எந்த கம்பெனி என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது தம்பி. குமிழ் கொக்கி எத்தனையோ கம்பெனி பேண்டுகளில் வருகிறது. அது போதாதென்று, உங்கள் கையில் இருப்பது முதலில் வந்த ஸ்ட்ராப்தானா, இடையில் யாராவது மாற்றியதா என்பதும் தெரியாது. ஸ்ட்ராப்பை யார் செய்தார்கள் என்பதற்குத்தான் கொக்கி சாட்சி, கருவிக்கு இல்லை.

கருவியைக் காட்டிக்கொடுப்பது ஸ்ட்ராப்பும் உடலும் சேரும் மூட்டு. ஸ்ட்ராப்பை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். உடல் முழுதாக ரப்பருக்குள்ளிருந்து பிதுங்கி வெளியே வருகிறதா? இரண்டு முனையிலும் கம்பி மாதிரி ஒரு பின் இருக்கிறதா? பின்புறம் அழுத்தும் பொத்தான் இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள். பிறகு சென்சார் பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் பளபளப்புதான் தெரியும். சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பொடி எழுத்தில் ஒரு மாடல் எண் இருக்க வேண்டும்.

கேள்வி (அவரே): பார்த்துவிட்டேன். உடல் மாத்திரை மாதிரி தனியாக வந்துவிட்டது. பின்னால் சென்சார் பக்கத்தில் XMSH0 வரை தெளிவாக இருக்கிறது, அடுத்தது 5 அல்லது 7, கடைசியில் HM. கலர் திரை.

பதில்: இனி சுலபம். XMSH05HM என்றால் ஷாவ்மி மி பேண்ட் 3, XMSH07HM என்றால் மி பேண்ட் 4. மூன்றாவதில் கலர் திரை கிடையாது. ஆகவே உங்களுடையது 4. உறுதி செய்துகொள்ள வேண்டுமானால் சார்ஜ் ஏற்றி, எந்தப் போனோடும் சேராத நிலையில் போனின் புளூடூத் தேடலைத் திறங்கள். Mi Smart Band 4 என்று பெயர் வரும். வராவிட்டால் பழைய போன் ஏதாவது பக்கத்தில் இருந்து அதோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதன் புளூடூத்தை அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

ஸ்ட்ராப் வாங்கும்போது 3-க்கு, 4-க்கு என்று எது போட்டிருந்தாலும் எடுக்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். மாத்திரையின் ஒரு முனையை ஸ்ட்ராப்பின் மேல்பக்கத்திலிருந்து பள்ளத்துக்குள் நுழைத்து, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு விளிம்பு முழுவதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரப்பர் உதடு எல்லா இடத்திலும் மாத்திரையின் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஓர் இடத்தில் உதடு மேலே மடிந்து நின்றாலும் அங்கிருந்துதான் பின்னாளில் கழன்று விழும். போட்டபின் ஸ்ட்ராப்பின் இரு முனையையும் பிடித்து லேசாக முறுக்குங்கள். மாத்திரை தலை தூக்கினால் ரப்பர் தளர்ந்துவிட்டது அல்லது அச்சு சரியில்லை. அந்த ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

குறுக்கே ஒருவர்: அக்கா, மி பேண்ட் எல்லாமே ஒரே ஸ்ட்ராப்தானே? என் 5-ஐ 4-இன் ஸ்ட்ராப்பில்தான் போட்டு வைத்திருக்கிறேன், நன்றாக உட்கார்ந்திருக்கிறது.

பதில்: பாதி சரி. 3-ம் 4-ம் ஒரு ஜோடி, 5-ம் 6-ம் ஒரு ஜோடி. 8 வந்தபோது மூட்டே மாறிவிட்டது: மாத்திரை உள்ளே நுழைவதில்லை, இரு முனையிலும் தனித்தனித் துண்டாகக் கிளிப்பில் மாட்டிக்கொள்கிறது. அதனால் 8-க்கும் 9-க்கும் 7 வரை வந்தவற்றின் ஸ்ட்ராப் எதுவும் வராது. உங்கள் 5 உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 4-இன் அகலம் 17.9 மி.மீ., 5-இன் அகலம் சுமார் 18.15 மி.மீ. கால் மில்லிமீட்டரை ரப்பர் இழுத்துக் கொடுத்துவிடும். அப்படி இழுபட்டே இருக்கும் ரப்பர் எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சிலருக்கு நிற்கிறது, சிலருக்கு ஓரத்தில் கிழிகிறது. நான் அப்படிப் போடச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேடம், என் சாம்சங் வாட்சின் பின்னால் SM-R870, 44mm என்று இருக்கிறது. பெரிய வாட்ச் ஆயிற்றே என்று 22 மி.மீ. ஸ்ட்ராப் வாங்கினேன், நுழையவே மாட்டேன் என்கிறது. ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிடலாமா?

பதில்: சீவாதீர்கள். R870 என்பது கேலக்ஸி வாட்ச்4, 44 என்பது உடலின் அளவு. ஸ்ட்ராப் நுழையும் இடைவெளி அதற்கு 20 மி.மீ. சீவினால் ஓரம் மெலிந்து, பின் செல்லும் குழாய் பிளந்துவிடும்.

பின்னில் மாட்டும் எந்த வாட்சானாலும் ஸ்ட்ராப்புக்கு வேண்டிய அளவு, பின்னைப் பிடிக்கும் இரண்டு காதுகளுக்கும் நடுவில் உள்ள தூரம். காகிதத்தை ஒரு பட்டையாக வெட்டி, அந்த இடைவெளிக்குள் வைத்து, இரு பக்கமும் இடிக்கும் இடத்தில் மடித்து, மடிப்புக்கு மடிப்பு அளந்து பாருங்கள். பழைய ஸ்ட்ராப்பை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள், நடுவில் அகலமாகவும் முனையில் குறுகலாகவும் உள்ளவை நிறைய. வழக்கமாக வருவது 18, 20, 22. அளவு 19 என்றோ 21 என்றோ வந்தால் மறுபடி அளந்து பாருங்கள். உண்மையிலேயே அப்படி உள்ள வாட்சுகளும் உண்டு.

இன்னொன்று. உங்கள் வாட்சோடு வந்த ஸ்ட்ராப்பின் முனை உடலின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். நேர் முனை உள்ள சாதாரண 20 மி.மீ. ஸ்ட்ராப்பும் மாட்டும், ஆனால் நடுவில் பிறை போல ஒரு சந்து தெரியும். அது அழகுக் குறைதான், ஆபத்து இல்லை. முனை தடிமனான தோல் ஸ்ட்ராப் என்றால் விஷயம் வேறு. அது உடலில் இடித்து, பின்னை வெளிப்பக்கம் தள்ளும்.

கேள்வி: எனக்கு ஸ்ட்ராப் பிரச்சினை இல்லை அக்கா, வாட்ச்தான் கெட்டுவிட்டது போல. துணி ஸ்ட்ராப் மாற்றின நாளிலிருந்து இதயத்துடிப்பே காட்டுவதில்லை. சென்சார் போய்விட்டதா?

பதில்: உங்கள் ஸ்ட்ராப் ஒரே நீளத் துண்டாக, வாட்சின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறதா? அப்படியானால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, துணி அதை மூடிவிட்டது. பின்னால் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் போய்த் திரும்பி வந்தால்தான் துடிப்பைக் கணக்கிட முடியும். இது சாதாரணக் கைக்கடிகாரத்துக்கான நேட்டோ ஸ்ட்ராப். சார்ஜருக்கும் இதே தடை. இரண்டு துண்டாக, முனையோடு நின்றுவிடும் ஸ்ட்ராப்பை எடுங்கள்.

அதை மாற்றியும் துடிப்பு தாறுமாறாக வந்தால், இருட்டில் கையை நீட்டிப் பாருங்கள். ஓரத்தில் பச்சை வெளிச்சம் கசிந்தால் ஸ்ட்ராப்பின் விறைப்பு வாட்சைத் தோலிலிருந்து தூக்குகிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஃபிட்பிட் சார்ஜ் 4-க்கு சார்ஜ் 5 ஸ்ட்ராப் வருமா?

பதில்: வராது. 3-ம் 4-ம் ஒன்று, 5-ம் 6-ம் ஒன்று. பின்னால் FB417 இருந்தால் 4, FB421 இருந்தால் 5.

கேள்வி: ஆப்பிள் வாட்ச் 42 மி.மீ. ஸ்ட்ராப் என்று போட்டு வாங்கினேன். என் வாட்சும் 42தான், பின்னால் வட்டமாக எழுதியிருக்கிறது. ஆனால் ஸ்ட்ராப் முழுதாக நுழையாமல் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பதில்: அதே வட்டத்தில் சீரிஸ் எண்ணையும் படியுங்கள், சீரிஸ் 10 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஆப்பிளில் 42 என்ற எண் இரண்டு வேறு உடல்களுக்கு வந்துவிட்டது. முதல் வாட்சிலிருந்து சீரிஸ் 3 வரை 42 என்பது பெரிய உடல், அதன் ஸ்ட்ராப் 44, 45, 46, 49 எல்லாவற்றுக்கும் வரும். சீரிஸ் 10-இல் 42 என்பது சிறிய உடல், அதற்கு 38, 40, 41-இன் ஸ்ட்ராப்தான். உங்களுக்கு வந்திருப்பது பழைய 42-க்கானது. திருப்பி அனுப்பும்போது '41 மி.மீ.க்குப் பொருந்துவது' என்று கேளுங்கள், குழப்பம் வராது.

கேள்வி: புது குவிக் ரிலீஸ் ஸ்ட்ராப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, சட்டை மாட்டும்போது வாட்ச் கழன்று கீழே விழுந்துவிட்டது. அளவு சரியாக 22தான். என்ன தப்பு செய்தேன்?

பதில்: பெரும்பாலும் பின்னின் ஒரு முனை குழிக்குள் இறங்காமல் விளிம்பில் சும்மா தொற்றிக்கொண்டிருந்திருக்கும். முதலில் பின்னில் இழுக்கும் குமிழ் இல்லாத பக்கத்து முனையைக் குழிக்குள் வைத்து, பிறகு குமிழை நகத்தால் இழுத்துப் பிடித்து மறுமுனையை நேராக இறக்கி விடுங்கள். சின்னதாக 'டிக்' என்று கேட்கும், குமிழும் தன் பழைய இடத்துக்கே திரும்பும். திரும்பாமல் பாதியில் நின்றால் உள்ளே இறங்கவில்லை. பிறகு கட்டில் மெத்தைக்கு மேல் வைத்துக்கொண்டு, ஸ்ட்ராப்பை நேராகவும் சாய்த்தும் நன்றாக இழுத்துப் பாருங்கள்.

விழுந்த வாட்சின் பின்னையும் பாருங்கள். முனை வளைந்தோ மழுங்கியோ இருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள். புதிய பின் வாங்கும்போது நீளத்தோடு தடிமனையும் பாருங்கள். 1.5 மி.மீ. ஸ்ட்ராப்பின் குழாயில் 1.8 மி.மீ. பின் நுழையாது. 1.8 மி.மீ. குழாயில் 1.5 மி.மீ. பின்னைப் போட்டால் ஆடும்.

கேள்வி: அக்கா, என் வாட்சின் பின்னால் எழுத்தே இல்லை. நான்கு திருகு, இரண்டு சார்ஜ் புள்ளி, நடுவில் பச்சை விளக்கு. ஸ்ட்ராப்பின் முனை சாவி மாதிரி வெட்டுப்பட்டு உடலுக்குள் போய் மாட்டுகிறது, பின்னே கிடையாது. என்ன வாங்குவது?

பதில்: இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. திருகும் சார்ஜ் புள்ளியும் பச்சை விளக்கும் பெயரில்லாத எத்தனையோ வாட்சுகளில் ஒரே மாதிரிதான். உடலுக்குள் மாட்டும் முனை ஒவ்வொரு அச்சுக்கும் வேறு, அதனால் 20, 22 கணக்கு இங்கே செல்லாது. முனையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டின் அகலத்தையும் ஆழத்தையும் மி.மீ.-இல் எழுதி, உடலின் பள்ளத்தையும் நேராகப் படம் எடுத்து அனுப்புங்கள். வாட்சோடு சேரப் பயன்படுத்திய ஆப்பின் பெயரையும் சொல்லுங்கள். அதே ஆப்பில் வரும் மற்ற மாடல்களின் படங்களோடு வைத்துப் பார்க்கலாம். அதுவரை பழைய ஸ்ட்ராப்பைத் தூக்கி எறியாதீர்கள், ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கிறது.