லாக்டோஸ் நீக்கிய பால் ஏன் இனிக்கிறது?

"லாக்டோஸ் இல்லாத பால் வாங்கினேன். சாதாரணப் பாலைவிட இனிக்கிறது. சர்க்கரை சேர்க்கிறார்களா? இதை யார்தான் குடிக்க வேண்டும்?"

சேர்ப்பதில்லை. பாலில் ஏற்கெனவே இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை இரண்டாக உடைக்கிறார்கள், அவ்வளவுதான். பால் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஒரு குளுக்கோஸும் ஒரு காலக்டோஸும் கைகோத்து நிற்பதுதான் ஒரு லாக்டோஸ். அந்தப் பிணைப்பை அறுப்பது லாக்டேஸ் என்ற நொதி. நம் சிறுகுடலில் சுரப்பதும் இதே வகை வேலையைச் செய்வதுதான். ஆலைகளில் பெரும்பாலும் ஒரு வகை ஈஸ்ட்டிலிருந்து எடுத்த லாக்டேஸைப் பயன்படுத்துவார்கள், ஏனென்றால் பாலின் இயல்பான அமில-கார நிலையிலேயே அது நன்றாக வேலை செய்யும்.

பாலைப் பாஸ்சரைஸ் செய்து, 4 முதல் 8 டிகிரிக்குக் குளிர்வித்து, தொட்டியில் நொதியைக் கலந்து ஒரு நாள் அளவுக்கு விட்டுவிடுவது ஒரு முறை. குளிரில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் பால் கெடாது. பிறகு மறுபடி சூடாக்கும்போது நொதி செயலிழந்துவிடும். லாக்டோஸ் உடைந்து முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் அதே உறைநிலைக் கருவிதான் இங்கும் கைகொடுக்கிறது. சாதாரணப் பால் சுமார் மைனஸ் 0.52 டிகிரியில் உறையும். தண்ணீர் கலந்தால் அது பூஜ்யத்தை நோக்கி நகரும். லாக்டோஸ் உடைந்தால் ஒரு மூலக்கூறு இரண்டாவதால், எதிர்த்திசையில் மைனஸ் 0.8 வரை இறங்கும். அந்த எண் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது இனிப்புக்கு வருவோம். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையின் இனிப்பில் லாக்டோஸுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். குளுக்கோஸுக்குப் பத்தில் ஏழு, காலக்டோஸுக்குப் பத்தில் ஆறு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் டம்ளரில் இருந்த 10 கிராம் லாக்டோஸ் முன்பு 2 கிராம் சர்க்கரை அளவுக்கு இனித்தது. உடைந்த பிறகு 5 கிராம் குளுக்கோஸும் 5 கிராம் காலக்டோஸும் சேர்ந்து ஆறரை கிராம் அளவுக்கு இனிக்கின்றன. நாக்குக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூடியது போலிருக்கும். ஆனால் மொத்தச் சர்க்கரையும் கலோரியும் மாறவில்லை. பாக்கெட்டில் ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள், சர்க்கரை அளவு சாதாரணப் பாலை ஒட்டியே இருக்கும். அதனால் சர்க்கரை நோயாளிகள் இதைச் சர்க்கரை இல்லாத பால் என்று நினைத்துவிடக் கூடாது.

இதே பாலைச் சுண்டக் காய்ச்சினால் சீக்கிரம் பழுப்பேறும். குளுக்கோஸும் காலக்டோஸும் லாக்டோஸைவிட வேகமாகப் புரதத்தோடு வினைபுரிவதுதான் காரணம். பாயசம் வைக்கிறவர்கள் தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரையையும் குறையுங்கள்.

சரி, யாருக்குத் தேவை? பால் குடித்த அரை மணியிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, வாயு கூடி, பேதியாகிறதா? அது திரும்பத் திரும்ப நடக்கிறதா? அவர்களுக்குத்தான். தாய்ப்பால் பருவம் தாண்டியதும் பலருக்கு லாக்டேஸ் சுரப்பது குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. சந்தேகம் இருந்தால் குடல் மருத்துவரிடம் மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

ஆனால் லாக்டேஸ் குறைந்த எல்லோருக்குமே இந்தப் பால் தேவைப்படாது. இவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளருக்குச் சற்றே கூடுதலான பாலில் இருக்கும் அளவு லாக்டோஸைப் பெரிய தொல்லையில்லாமல் தாங்குவார்கள். ஒரு காபிக்கு ஊற்றும் பாலில் மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். தயிரில் உறை பாக்டீரியாக்களே ஒரு பகுதியைத் தின்றுவிடும். மோரில் தண்ணீர் சேர்வதால் இன்னும் குறைவு. நெய்யில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காபியும் தயிரும் ஒத்துக்கொள்கிற வயிற்றுக்காக, கூடுதல் விலை கொடுத்து இந்தப் பாலை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். டம்ளர் நிறைய பால் குடித்தே ஆக வேண்டும், குடித்தால் படுத்துகிறது என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இரண்டு பேர் கட்டாயம் கவனிக்க வேண்டும். பால் ஒவ்வாமை இருந்து தடிப்போ மூச்சுத்திணறலோ வருகிறவர்களுக்கு இது பாதுகாப்பு அல்ல. பிரச்சினை புரதத்தில், அந்தப் புரதம் அப்படியேதான் இருக்கிறது. காலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அந்த உடலால் சமாளிக்க முடியாத காலக்டோஸ் இந்தப் பாலில் தனியாகவே மிதக்கிறது.