val_loss ஏறுகிறது, val_accuracy இறங்கவில்லை: ஓவர்ஃபிட்டிங் என்று சொல்லலாமா?

கேள்வி: "படங்களை வகைப்படுத்தும் என் மாடலை 20 எபோக் ஓட்டிய ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். loss கடைசி வரை இறங்கிக்கொண்டே போகிறது. val_loss 7-ஆம் எபோக்கில் 0.245 வரை இறங்கி, பிறகு ஏறி 20-இல் 0.418 ஆகிவிட்டது. ஆனால் val_accuracy இரண்டு இடத்திலும் 0.90தான். இது ஓவர்ஃபிட்டிங்கா? 7-ஆம் எபோக்கில் இருந்த மாடலையே எடுத்துக்கொள்ளவா?"

பதில்: ஆம், இது ஓவர்ஃபிட்டிங்தான். ஆனால் மாடல் முன்பைவிட அதிகப் படங்களைத் தவறாகச் சொல்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே தவறாகச் சொன்ன படங்களை இப்போது மிகுந்த உறுதியோடு தவறாகச் சொல்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். எந்த எபோக்கின் மாடலை எடுப்பது என்பதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்துத்தான் அமையும்.

வகைப்படுத்தும் மாடல்களில் வழக்கமாகப் பயன்படும் கிராஸ் என்ட்ரோபி இழப்பு, ஒவ்வொரு படத்துக்கும் அதன் சரியான வகைக்கு மாடல் எவ்வளவு நிகழ்தகவு கொடுத்தது என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்த நிகழ்தகவு p என்றால் இழப்பு -ln(p). p 0.9 ஆக இருந்தால் இழப்பு ஏறக்குறைய 0.105, 0.98 ஆக உயர்ந்தால் 0.02. மேல்பக்கத்தில் கிடைக்கும் ஆதாயம் இவ்வளவுதான், ஏனெனில் இழப்பு சுழிக்குக் கீழே போக முடியாது. கீழ்ப்பக்கமோ அப்படியல்ல: p 0.22 ஆக இருக்கும்போது 1.5 ஆக உள்ள இழப்பு, p 0.018 ஆகக் குறையும்போது 4.0 ஆகிவிடுகிறது. துல்லியத்தின் கணக்கு வேறு. எந்த வகைக்கு அதிக நிகழ்தகவு கிடைத்தது என்பதை மட்டும் அது பார்ப்பதால், 0.22-க்கும் 0.018-க்கும் இடையில் அது வேறுபாடு காண்பதில்லை. வேறொரு வகை முந்தியிருந்தால் இரண்டும் தவறு, அவ்வளவுதான்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். சரிபார்ப்புத் தொகுப்பில் 1000 படங்கள் இருப்பதாகவும், இரு எபோக்கிலும் 900 சரி, 100 தவறு என்றும் கொள்வோம். 7-ஆம் எபோக்கில் சரியான படங்களின் சராசரி இழப்பு 0.105, தவறானவற்றின் சராசரி 1.5 என்றால் கூட்டுத்தொகை 94.5 + 150. ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 0.245. 20-ஆம் எபோக்கில் சரியானவை 0.02-க்கு இறங்கி, தவறானவை 4.0-க்கு ஏறியிருந்தால் 18 + 400, அதாவது 0.418. தொள்ளாயிரம் படங்களில் மாடல் முன்னேறியிருக்கிறது. ஆனால் நூறு படங்களில் கூடிய அதீத உறுதி அந்த ஆதாயத்தை விழுங்கிவிட்டு மொத்த இழப்பையும் ஏற்றிவிட்டது. பயிற்சிப் படங்கள் பெரும்பாலும் சரியாகிவிட்ட பிறகு இழப்பை இன்னும் குறைக்க மாடலுக்கு மிஞ்சியிருக்கும் எளிய வழி தன் உறுதியைக் கூட்டிக்கொள்வதுதான். அந்த உறுதி புதிய படங்களுக்குப் பொருந்தாமல் போவதையே உங்கள் வளைவு காட்டுகிறது.

இப்படித்தான் நடந்திருக்கிறதா என்பதை ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டு உறுதிசெய்ய முடியாது. ஒவ்வொரு படத்தின் இழப்பையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். y_val-இல் வகைகள் முழு எண்களாகவும், மாடலின் கடைசி அடுக்கு சாஃப்ட்மேக்ஸாகவும் இருந்தால் இது போதும்:

```python
p = model.predict(x_val)
l = -np.log(p[np.arange(len(y_val)), y_val] + 1e-7)
top = np.argsort(l)[::-1][:20]
```

top-இல் வரும் இருபது படங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். சோம்பல்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள் பலர். வளைவை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் தெரியாத ஒன்று இங்கே தெரிய வரும். அவற்றில் பல உண்மையில் லேபிள் தவறாக இடப்பட்ட படங்களாக இருந்தால், மாடல் சரியாகச் சொன்னதற்காகவே இழப்பு ஏறியிருக்கிறது. அப்போது திருத்த வேண்டியது சரிபார்ப்புத் தொகுப்பை.

லேபிள்கள் சரியாகவே இருந்தால், எந்த எபோக் என்ற கேள்விக்கு வருவோம். மாடல் தரும் நிகழ்தகவை நீங்கள் எங்காவது பயன்படுத்துவதாக இருந்தால், உதாரணமாக 0.8-க்குக் கீழே வந்தவற்றை மனிதப் பார்வைக்கு அனுப்புவதாக இருந்தால், 7-ஆம் எபோக்கையே எடுங்கள். 20-ஆம் எபோக் மாடல் தன் பிழைகளில் பலவற்றையும் 0.8-க்கு மேலேயே வைத்திருக்கும் என்பதால் அந்த வடிகட்டி பயனற்றுப் போகும். வகையின் பெயர் மட்டும் போதும் என்றால், துல்லியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஒருவேளை 20-இல் 0.901 என்று காட்டினாலும் அதை முன்னேற்றமாகக் கொள்ள வேண்டாம். 1000 படங்களில் 90 சதவீதத் துல்லியத்தின் திட்டப் பிழையே ஏறக்குறைய ஒரு சதவீதம். இரண்டும் சமமாக இருக்கையில் முந்தைய எபோக்கை எடுப்பதே என் வழக்கம். அடுத்த முறை ஓட்டும்போது இந்தத் தேர்வைக் கெராஸிடமே விட்டுவிடலாம்:

```python
EarlyStopping(monitor="val_loss", patience=5,
              restore_best_weights=True)
```

கடைசி அளவுருவை மறந்துவிடாதீர்கள். அதன் இயல்பு மதிப்பு False. patience 5 என்பதால், 7-க்குப் பிறகு ஐந்து எபோக் val_loss குறையாமல் போனதும் பயிற்சி 12-ஆம் எபோக்கில் நிற்கும். False என்றே விட்டால் உங்கள் கையில் இருப்பதும் 12-ஆம் எபோக்கின் மாடலாகவே இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பதில் இன்னும் இரண்டு இடங்களில் கண் ஏமாறும். முதல் சில எபோக்குகளில் உங்கள் val_loss, loss-ஐ விடக் கீழே இருந்தால் அதில் விந்தை எதுவும் இல்லை. திரையில் வரும் loss என்பது அந்த எபோக் முழுவதும் பேட்ச் பேட்சாகக் கணக்கிட்டதன் சராசரி. எடைகள் இன்னும் மோசமாக இருந்த தொடக்கப் பேட்சுகளும் அதில் சேரும். val_loss எபோக் முடிந்த பிறகு, மேம்பட்ட எடைகளோடு கணக்கிடப்படுகிறது. போதாததற்கு, மாடலின் சில அலகுகளைத் தற்செயலாக அணைத்துவைக்கும் டிராப்அவுட் இருந்தால், அது பயிற்சியின்போது மட்டுமே இயங்கி loss-ஐ உயர்த்திக் காட்டும். ஆகவே இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அப்படியே அளந்து ஓவர்ஃபிட்டிங்கின் அளவு என்று சொல்வது சரியாகாது; இரண்டையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட விரும்பினால், பயிற்சித் தரவையும் model.evaluate-க்குக் கொடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். மேலும், இடைவெளி அகன்றுகொண்டிருந்தாலும் val_loss இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் வரை பயிற்சியை நிறுத்தக் காரணம் இல்லை. கவனிக்க வேண்டியது val_loss திரும்பும் இடத்தை.

இந்த வளைவுகளை வரைந்து காட்டும் டென்சர்போர்டில் பார்த்தால், அந்தத் திருப்பத்தின் இடமும் நகர்ந்து தெரியலாம். அங்கே Smoothing என்ற நகர்த்தி இயல்பாகவே 0.6-இல் இருக்கும், அடர்ந்த கோடு முந்தைய மதிப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால் உண்மையான வளைவுக்குப் பின்தங்கியே வரும், மிகத் தாழ்ந்த புள்ளியும் சில எபோக் தள்ளித் தெரியும். நகர்த்தியைச் சுழிக்குக் கொண்டுவந்து, அல்லது பின்னணியில் மங்கலாகத் தெரியும் கோட்டைப் பார்த்து, 7 என்பது உண்மையிலேயே 7தானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏற்றம் 0.245-இலிருந்து 0.418 வரை போயிருப்பதால் அது வெறும் ஏற்ற இறக்கம் அல்ல என்று துணிந்து சொல்லலாம். இருநூறு படங்களே உள்ள சரிபார்ப்புத் தொகுப்பில் ஒரே எபோக்கில் 0.03 ஏறுவதைக் கண்டு மட்டும் அந்தத் துணிச்சல் கூடாது.