அப்பாவின் நிழல் எங்கிருந்து கிளம்ப வேண்டும்?

"காசிமேட்டில் கடல் பின்னால் தெரிய, காலை ஏழரைக்கு எடுத்த குடும்பப் படம். அதில் மறைந்த அப்பாவின் ஸ்டுடியோ படத்தை முழு உருவமாக வெட்டி ஒட்டி, நிழலும் போட்டேன். ஆனாலும் ஒட்டியது பளிச்சென்று தெரிகிறது. எங்கே தப்பு?" (வாசகர், ராயபுரம்)

ஃபோட்டோஷாப்பில் நீங்கள் போட்டது Drop Shadow என்றால், அதை முதலில் எடுத்துவிடுங்கள். சுவரில் ஒட்டிய காகிதத்துக்குப் பொருந்தும் நிழல் அது. மணலில் நிற்கிற மனிதருக்கு ஆகாது. மூன்று மாத கோர்ஸ்களில் மெனுவைத்தான் சொல்லித் தருகிறார்கள், வெளிச்சத்தைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லை. அதன் பலன்தான் இது.

உங்கள் படத்தில் கிழக்கே கடல், சூரியனும் அந்தப் பக்கமே. அதனால் எல்லோருடைய நிழலும் கேமராவை நோக்கி வரும். அண்ணன் நிழலின் தலையிலிருந்து அவர் காலடி வழியாகப் பின்னோக்கி ஒரு கோடு இழுங்கள். அக்காவுக்கும் அப்படியே. இரண்டும் கடலும் வானமும் சேரும் கோட்டில், சூரியனுக்கு நேர் கீழே ஒரு புள்ளியில் சந்திக்கும். அப்பாவின் நிழல் அந்தப் புள்ளியிலிருந்து அவர் காலடி வழியாக வர வேண்டும். அண்ணன் நிழலின் சாய்வை அப்படியே காப்பி அடித்தால் தப்பாகும்.

அப்பா லேயரை நகலெடுத்து, Flip Vertical செய்து, Distort-ல் காலோடு கால் சேர்த்து அந்தக் கோட்டில் படுக்க வையுங்கள். நீளம் அண்ணன் நிழலின் அளவு. Ctrl அழுத்தி நகலின் சிறு படத்தைக் கிளிக் செய்தால் வடிவம் தேர்வாகும். நகலை மறைத்துவிட்டு, மணல் படத்துக்கு மேல் ஒரு Curves லேயர் போடுங்கள், அந்த வடிவமே அதன் மாஸ்க் ஆகிவிடும். அண்ணன் நிழல் அளவுக்கு இருட்டாக்குங்கள், கறுப்பு பூச வேண்டாம். வெயில் படாத மணலில் வானத்தின் வெளிச்சம் விழுவதால் கொஞ்சம் நீலம் இருக்கும். நீலத்தை மட்டும் குறைவாக இறக்குங்கள்.

காலடியில் விளிம்பு கூர்மையாக இருக்கும், தலைப்பக்கம் போகப் போக மங்கும். சூரியன் ஒரு புள்ளி இல்லையே. நிழல் பயணிக்கும் தூரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு விளிம்பு மங்கும். அந்த நேரத்து வெயிலில் தலைப்பக்கம் நாலைந்து சென்டிமீட்டர்.

அப்புறம் முகம். மற்றவர்கள் முகமெல்லாம் வெயிலுக்கு முதுகு காட்டி மங்கலாக இருக்கும், அப்பா முகம் ஸ்டுடியோ விளக்கில் மஞ்சளாக மின்னும். அண்ணனின் வெள்ளைச் சட்டையையும் அப்பாவின் சட்டையையும் Info-வில் ஒப்பிட்டு, Curves-ல் இருட்டாக்கி, Color Balance-ல் நீலத்துக்குத் தள்ளுங்கள். முடியிலும் தோளிலும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று வேண்டும்.

மேகம் மூடிய நாளில் எடுத்த படமென்றால் கதையே வேறு. வானம் முழுவதுமே விளக்காகிவிடுவதால் நீண்ட நிழலே கிடையாது. செருப்புக்கு அடியில், விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய கருமை மட்டும். அதை விட்டுவிட்டால் மனிதர் அந்தரத்தில் மிதப்பார். நிழல் வேண்டுமென்று நீளமாகப் போட்டால் அதைவிட மோசம். அந்தக் கருமைக்கும் திசை கிடையாது, பாதத்தைச் சுற்றி ஒட்டியே இருக்கும்.

கடையில் கொடுத்துச் செய்தால் கவனம். வெளிச்சம் சேரவில்லை என்று உருவத்தையே இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். சட்டைப் பை வலது மார்புக்குப் போகும், வகிடும் மாறும், வீட்டில் அம்மாதான் முதலில் கண்டுபிடிப்பார். வெறும் JPEG-ஐக் கொடுத்துவிட்டு, சிறு திருத்தத்துக்கும் மறுபடி காசு கேட்பார்கள். லேயர்களோடு PSD தருவீர்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.